இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்

முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணி எழுதும் வேலை பார்த்தவன் நான். ஒரு மூட்டை குறைந்தாலும், வந்த சரக்கு மொத்தத்தின் மேலும் ஆட்சேபம் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். முதலில் எழுதாதவனுக்குப் பிறகு பேச வாயே கிடையாது. அந்தப் புத்தியோடுதான் வங்கிக்குப் போனேன்.

என் மகள் பெரம்பூரில் துணிக்கடையில் வேலை செய்துகொண்டே ரயில்வே தேர்வுக்குப் படித்தாள். செல்போனில் ஒரு பயிற்சி ஆப். அதற்கு ஆண்டுச் சந்தா. புதுப்பிக்க என் டெபிட் கார்டைப் போட்டபோது, ஒரே தொகை இரண்டு தடவை போய்விட்டது.

"ஒண்ணு தானா திரும்பி வரும்னு ஆப்காரன் சொல்லிகீறான். வுடு நைனா," என்றாள்.

நான் விடுவேனா? ராயபுரம் கிளையில் புகார்ப் படிவம் வாங்கினேன்.

"எந்தப் பணம் சார்? ஒண்ணா, ரெண்டுமா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார்.

"ரெண்டையும் போடும்மா. எது தப்புன்னு அவனே சொல்லட்டும்."

பெருமையாகத்தான் சொன்னேன். ஐந்தாம் நாள் ஒரு தொகை திரும்பி வந்தது. "பாத்தியா, எழுதிக் குடுத்தா எப்டி வருது!" என்று வீட்டில் மீசையை முறுக்கினேன். அது ஆப்காரன் சொன்னபடி தானாக வந்த பணம். என் புகார் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவளால் ஆப்பைத் திறக்க முடியவில்லை. என் புகாரை வைத்து, சரியாகப் போன கட்டணத்தையும் வங்கி திரும்பப் பிடித்துக்கொண்டதால் கணக்கு முடக்கப்பட்டதாம். தப்பு விட்ட கேள்விகளைப் பதினொரு மாதமாக, பஸ்ஸில் நின்றபடி அதிலேயேதான் குறித்து வைத்திருந்தாள். புதுக் கணக்கு தொடங்கினால் அதெல்லாம் வராது.

ஆப்பில் பேச ஆளே இல்லை, எழுத்தில்தான் பதில். புகாரை வாபஸ் வாங்கிய கடிதத்தை அனுப்புங்கள், பணம் எங்களிடம் வந்து சேர்ந்ததும் திறப்போம் என்றார்கள். மறுநாளே வங்கிக்கு ஓடினேன்.

"எழுதிக் குடுங்க சார், அனுப்பிடறேன். ஆனா கார்டு கம்பெனி வழியாப் போய்ச் சேரணும். நாளாகும். எங்க கையில இல்ல," என்றார் அதே பெண். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

மகள், கடையில் கூட வேலை செய்துகொண்டே அதே தேர்வுக்குப் படிக்கும் தோழியின் பழைய நோட்டை வாங்கி வந்து புரட்டினாள். அப்படியே போய்த் தேர்வு எழுதினாள்.

தேர்வு முடிந்த மூன்றாம் நாள் கணக்கு திறந்தது. செல்போனோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குறித்து வைத்த கேள்விகளை விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"பரீட்சைல இது வந்துச்சு நைனா," என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "இதுவும் வந்துச்சு."