நானூறு கிராம்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளைத் தேய்க்கிறவள் என்பதால் மல்யுத்தக் கூடத்தில் 'இஸ்திரி' என்று ஆரம்பித்தார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. எதிராளியை மெத்தையில் மடித்து வைப்பதிலும் கைகாரிதான். இருபத்தொன்பது வயது. இந்தப் போட்டியோடு சரி, அடுத்த வருடம் கிளப் அவளை எடுக்காது. அதைப் பயிற்சி தரும் மாஸ்டர் மென்று விழுங்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சாதாரணமாக அவள் ஐம்பத்தெட்டு கிலோ. ஆனால் இறங்குவதோ ஐம்பத்து மூன்று கிலோப் பிரிவில். பெரியவள் சின்னவளை நசுக்கக் கூடாது என்றுதான் எடைப் பிரிவு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எல்லாரும் இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, வியர்த்து, ஒரு பிரிவு கீழே வந்து நின்றுவிடுகிறார்கள். தராசிலிருந்து இறங்கியதும் குடித்துச் சாப்பிட்டு மறுபடி ஏறிவிடுகிறார்கள். மேலே ஐம்பத்தேழு பிரிவில் நிற்கிறவள் எல்லாம் அறுபத்திரண்டிலிருந்து வற்றி வந்தவள். அங்கே போனால் இஸ்திரிதான் சின்னப் பெண்.

வினை என்னவென்றால், ஒரு பிரிவுக்கு அணியில் ஒருத்திக்குத்தான் இடம். அவள் தங்கை பிறவியிலேயே ஐம்பத்து மூன்று. வயிறு நிறையச் சாப்பிட்டாலும் அதேதான்.

"நீ ஐம்பதுக்கு இறங்குடி," என்றாள் இஸ்திரி, போன வருடம். சலவைக் கூடத்து நீராவியில், வியர்க்கவைக்கிற பிளாஸ்டிக் உடுப்பை மாட்டி அவளை உட்காரவைத்ததும் இவள்தான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். உள்ளே சத்தம் நின்ற பிறகுதான் திறந்தாள். தங்கை சுருண்டு கிடந்தாள். அன்றிலிருந்து அவள் ஐம்பத்து மூன்றின் மாற்று வீராங்கனை. பையைத் தூக்குவாள், துண்டைப் பிழிவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

போட்டியன்று காலை எடை பார்க்க அரை மணி நேரம். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எடை பார்க்கிற அம்மாள் தலையசைத்தார். போட்டி உடுப்போடு இஸ்திரி ஏறினாள். 53.4.

"நேத்து ராத்திரி எங்க தராசுல கரெக்டா இருந்துச்சும்மா. தூக்கத்துல இன்னும் குறைஞ்சிருக்கணும்," என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"உங்க தராசு எனக்குத் தெரியாது. இங்க காட்டுறதுதான் கணக்கு."

பிளாஸ்டிக் உடுப்பை மாட்டித் தாழ்வாரத்தில் ஓடினாள். வியர்வை வரவில்லை. வர உள்ளே என்ன இருக்கிறது? சூயிங்கம் மென்று, ஊறிய எச்சிலை டப்பாவில் துப்பினாள். தங்கை கூடவே டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். 53.2.

"முடியை வெட்டுடி," என்றாள் இஸ்திரி.

இடுப்பு வரை இருந்த பின்னல். முகத்தைவிட அதைத்தான் அவள் அதிகம் கண்ணாடியில் பார்த்திருப்பாள். தங்கை, கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்துக் காதோடு ஒட்ட வெட்டினாள். கை நடுங்கவே இல்லை. பாவி, ஒரு பொட்டுகூட நடுங்கவில்லை.

53.05.

"இன்னொரு தடவைம்மா," என்று கெஞ்சினாள்.

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடியப்போகுது. மாத்து ஆள் இருந்தா இப்பவே ஏறச் சொல்லுங்க."

தங்கை மேல்சட்டையைக் கழற்றினாள். உள்ளே போட்டி உடுப்பு தயாராக இருந்தது. ஏறினாள். 52.8. மாஸ்டர் பெயரை மாற்றச் சொல்லிவிட்டு, இஸ்திரியின் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

சுவரோரம் சரிந்து உட்கார்ந்தவளிடம் தங்கை தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நம்ம தராசை நீ கூடத்து மெத்தை மேல வச்சுப் பாப்பல்ல," என்றாள், வானிலை சொல்கிறவள் மாதிரி. "அதோட நாலு காலும் பஞ்சுல புதைஞ்சுடும்க்கா. அடிப்பாகம் மெத்தையில உக்காந்துக்கும். கொஞ்சம் பாரத்தை மெத்தை வாங்கிக்கும், கம்மியாத்தான் காட்டும். நான் சிமெண்டுத் தரையில வச்சுத்தான் பாப்பேன்."

இஸ்திரி பாட்டிலைப் பிடுங்கினாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"ஏண்டி சொல்லல?"

தங்கை முழங்கால் பட்டையை இழுத்து மாட்டினாள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நெனச்சேன்."

இஸ்திரி எழுந்து அவளை அறைய நினைத்தாள். கை பாட்டில் மூடியைத்தான் திருகியது. மடமடவென்று தண்ணீரைக் குடித்தாள், குடிக்கக் குடிக்க அழுதாள்.

"எந்திரிக்கா," என்றாள் தங்கை. "முதல் மேட்ச் என்னோடதுதான். உடம்பைச் சூடு பண்ண ஆள் வேணும். மாத்து ஆளோட வேலை அதுதானே?" கதவருகே போய்த் திரும்பினாள். "அந்த முடியைக் குப்பையில போட்டுட்டு வா. யாராவது வழுக்கி விழப் போறாங்க."

இஸ்திரி குனிந்து பின்னலைப் பொறுக்கினாள்.