அம்மா நிரப்பிய ஆறு குவளைகள்

1. விடுப்பு முடிந்து அண்ணன் சிங்கப்பூருக்குக் கிளம்பினார்.
2. அன்று காலை, வீட்டில் காலியாக இருந்த எல்லாப் பாத்திரங்களிலும் அம்மா தண்ணீர் ஊற்றினாள்.
3. பின்பக்கச் சுவரில் நான் காயவைத்திருந்த ஆறு கறுப்புக் குவளைகளும் அதில் அடக்கம். நான் அதைக் கவனிக்கவில்லை.
4. அண்ணனை வழியனுப்பத் திருச்சி விமான நிலையம் வரை போன நான், அங்கிருந்து அப்படியே தஞ்சாவூருக்கு ஒன்பது நாள் பயிற்சிக்குப் போய்விட்டேன்.
5. திரும்பி வந்தபோது ஆறு குவளைகளிலும் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது.
6. அண்ணிக்கு அப்போது ஏழாவது மாதம்.

ஆறாவதுதான் முக்கியம். அந்தக் குவளைகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததே அண்ணிக்காகத்தான்.

விலங்கியல் படித்துவிட்டு ஒரு கொசு ஆய்வுத் திட்டத்தில் ஒரு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்தேன். தெருத் தெருவாக முட்டைப் பொறி வைப்பதும் எடுப்பதும்தான் வேலை. திட்டம் முடிந்ததும் ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். வந்த மாதமே அடுத்த தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. எங்கள் தெருவில் பாதி வீடு சிங்கப்பூர்ப் பணத்தில் எழும்பி, பாதியில் நின்று, மேலே பூசாத தொட்டியும் கீழே காலிப் பெயின்ட் வாளியுமாகக் கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை வருவார்கள். கொசு வருடம் முழுவதும் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு அண்ணி அந்தத் தெருவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும்.

பொறி என்று பெயர்தானே தவிர, அது கொசுவைப் பிடிக்காது. அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்றுக்கு உள்ளும் புறமும் கறுப்பு அடிக்க வேண்டும். மழை பெய்தால் நிரம்பி வழியாமலிருக்க முக்கால் உயரத்தில் ஒரு துளை. துளை வரைக்கும் தண்ணீர். உள்ளே ஒரு வெள்ளைத் துணிப் பட்டை, பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலும் நிற்கும்படி கிளிப் போட்டு. நிழலில், முழங்கால் உயரத்துக்குள், யாரும் தட்டிவிடாத இடத்தில் வைக்க வேண்டும். இந்தக் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரமான பட்டையில் ஒட்டிவிட்டுப் போகும். ஏழாம் நாளுக்குள் பட்டையை எடுத்து, லென்ஸ் வைத்து முட்டைகளை எண்ண வேண்டும். இரண்டு கணக்கு: வைத்த குவளைகளில் எத்தனையில் முட்டை இருந்தது, முட்டை இருந்த குவளைக்குச் சராசரி எத்தனை. வாரா வாரம் அதே இடத்தில் வைத்து எழுதிவந்தால் கொசு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அவ்வளவுதான். ஏழு நாளைத் தாண்டினால் பொறியே கொசுப் பண்ணையாகிவிடும்.

இதில் அழகான வேலை எதுவும் கிடையாது. வெறும் தண்ணீரைவிட வைக்கோல் ஊறிய தண்ணீருக்குக் கொசு அதிகம் வரும் என்பதால், ஒரு மூடிய வாளியில் வைக்கோலை ஒரு வாரம் ஊறப்போட்டேன். மூடியைத் திறந்தபோது மாட்டுக்கொட்டகைச் சாக்கடையும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்தும் அது விரல் நகத்தை விட்டுப் போகவில்லை. சோற்றைப் பிசையும்போதும் அந்த வாடை வந்தது. குவளைகளில் எறும்பு மிதக்கும், பல்லி ஊறி வெளுத்துக் கிடக்கும். ஒரு முறை பட்டையின் மேல் ஒரு நத்தை தன் கோழையை இழுத்துக்கொண்டே போயிருந்தது. முட்டைகள் மிளகுப்பொடி சிதறியது மாதிரி இருக்கும். அதனால் ரசத்தில் மிளகைப் பார்த்தாலே கை தானாக எண்ண ஆரம்பிக்கும். நான் ரசத்தை விட்டேன்.

வீட்டைச் சுற்றி எட்டுக் குவளை வைத்தேன். இரண்டாம் வாரம் கொல்லையிலிருந்த தேங்காய்த் தொட்டி, உடைந்த உரல், வாளி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டேன். மூன்றாம் வாரம் முட்டை எண்ணிக்கை கூடியது. எதிர்வீட்டுப் பெரியம்மா விடவில்லை.

"என்னடி, கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டியிருக்க போலருக்கே. படிச்ச புள்ள வேலையப் பாரு."

"மத்த எடமெல்லாம் போச்சுல்ல பெரியம்மா, அதான் இதுல வந்து போடுது. ரெண்டு வாரம் பொறுங்க, கொறையும்."

"அப்ப அதோட ஆஸ்பத்திரி நீ ஒருத்திதான்."

எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அவர் அதைக் கேட்க வரவில்லை.

அண்ணன் விடுப்பில் வந்தபோது, "அங்க எங்க பிளாக் வராந்தாவுலயும் இதே மாதிரி கறுப்பா ஒண்ண வச்சிருக்காங்க" என்றார். அதற்குப் பிறகுதான் வீட்டில் என் குவளைகளுக்கு மரியாதை வந்தது. சிங்கப்பூரில் இருக்கிறது என்றால் எங்கள் ஊரில் எதற்கும் மரியாதைதான்.

என் தவறு இது. எண்ணி முடித்த பட்டைகளைக் கொதிநீரில் போட்டுவிட வேண்டும். நான் ஆறு பட்டைகளைப் போடவில்லை. பழைய திட்டத்தில் என்னோடு வேலை பார்த்தவர், முட்டைகளைப் பொரிக்கவைத்து எந்த இனம் என்று பார்க்க வேண்டும், உலர்த்தி வை, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். பட்டைகளை மடித்து, உபரிக் குவளைகளின் அடியில் போட்டு, மேலே எண் எழுதி, மழை படாமல் பின்பக்கச் சுவரில் சன்ஷேடின் கீழ் வரிசையாக வைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு முட்டைகள். அவர் வரவே இல்லை. இந்த முட்டைகள் காய்ந்தால் சாகாது, மாதக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். இதைப் பத்துத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மாவிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், வைத்திருந்த எட்டுப் பொறிகளையும் எடுத்து, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, அடுக்கி உள்ளே வைத்தேன். எண்ண ஆள் இல்லையென்றால் பொறி இருக்கக் கூடாது. நான் எழுதி வைத்திருந்த பொறிப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். சுவரில் இருந்த ஆறும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவை பொறிகள் அல்ல, பத்திரப்படுத்திய மாதிரிகள் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் வந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனபோது முதல் குவளையைப் பார்த்தேன். புழுக்கள். எட்டிப் பார்த்த என் நிழல் பட்டதும் எல்லாம் சேர்ந்து துடித்து அடிக்கு ஓடின, பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே வந்தன. காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்கள் புரண்டன. என் கையெழுத்தில் எண் போட்ட குவளை. பழைய வைக்கோல் தண்ணீரின் கசடு ஊறி, மேலே ஒரு வழவழப்பான ஏடு. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வாந்தி எடுத்தேன். வருடம் முழுக்கப் பிறர் வீட்டுத் தொட்டியில் பார்த்ததுதான், அப்போதெல்லாம் குமட்டியதே இல்லை.

அம்மா ஓடிவந்தாள்.

"பஸ் ஒத்துக்கலியா?"

"இதுல யாரும்மா தண்ணி ஊத்துனது?"

"நான்தான். புள்ள ஊருக்குப் போற நேரம் வரிசையா ஆறு காலிப் பாத்திரம், அதும் கறுப்பா, கண்ணு முன்னாடி நின்னா வெளங்குமா? கொடம், அண்டா, வாளி எல்லாத்தையும் ரொப்புனேன், இதையும் ரொப்புனேன்."

"புழு நெளியுது. பாக்கலியா?"

"பாத்தேன். நீதான் வளக்குறன்னு நெனச்சேன். தண்ணி கொறயக் கொறய ஊத்துனேன்."

அண்ணி உள்ளேயிருந்து, "அத்தை, அதான் ரெண்டு நாளா என் கால கொசு பிச்சு எடுக்குதா?" என்றார். அம்மாவின் முகம் மாறியது.

ஆறு குவளைத் தண்ணீரையும் வெள்ளைத் தட்டில் வடிகட்டினேன். கொசு பறந்துபோனால் கூட்டுப்புழுவின் தோல் மட்டும் மேலே மிதக்கும். அதை எண்ணினால் எத்தனை தப்பித்தது என்று தெரியும். ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். நாற்பத்து மூன்று. மற்றதெல்லாம் கொதிநீரில் போயிற்று. வெந்த புழுக்கள் வெளுத்து நூல் மாதிரி மிதந்தன. தட்டை மறுபடி சமையலறைக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அண்ணியைப் பகலிலும் கொசுவலைக்குள் இருக்கச் சொன்னேன். நான் வந்த ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிறந்த கொசுவிடம் பொதுவாகக் கிருமி இருக்காது. நாற்பத்து மூன்றில் பாதி ஆண், கடிக்காது. மீதி, நோயாளி ஒருவரைக் கடித்திருக்க வேண்டும், கிருமி அதற்குள் வளர ஒரு வாரத்துக்கு மேல், பிறகு மனித உடம்பில் குறைந்தது நான்கு நாள். என் குவளைக் கொசுவாக இருந்தால் நாள் போதாது. கணக்கு சரிதான். அண்ணியின் நெற்றியில் கை வைத்தபோது அந்தக் கணக்கால் ஒரு உபயோகமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா, "நான் ஊத்துனது தப்பா, நீ வச்சது தப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"வச்சது" என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை. சிறுநீர்த் தொற்று. இரண்டு நாள் ஊசி, பிறகு மாத்திரை. அண்ணி அன்று இரவே இட்லி கேட்டார். "நெறகொடம் வச்சது வீண் போகல" என்று அம்மா எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் குவளைகளைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்ப்பதும் ஆகாதாம். அம்மா எல்லாவற்றையும் நிமிர்த்தி, குதிரிலிருந்து அள்ளிவந்த விதைநெல்லை விளிம்பு வரை நிரப்பி, உள்ளே அலமாரியில் வைத்தாள். "இப்ப காலியும் இல்ல, தண்ணியும் இல்ல. புழு வந்தா அது அந்துப்பூச்சி, அத நான் பாத்துக்கறேன்."

இப்போதைய நிலைமை: பிள்ளை பிறந்து நான்கு மாதம், ஆண், அண்ணி தாய்வீட்டிலிருந்து திரும்பிவிட்டார், இருவரும் பகலில் வலைக்குள் தூங்குகிறார்கள். செவ்வாய்தோறும் எட்டுக் குவளை வைத்து எடுக்கிறேன். எண்ணிய பட்டை அன்றே கொதிநீரில் போகிறது, யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. இந்த வாரம் எட்டில் இரண்டில் முட்டை, மொத்தம் முப்பத்தொன்று. எதிர்வீட்டு மாடித் தொட்டிக்கு இன்னும் மூடி இல்லை. ரசம் இன்னும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.