என் சீட்டுக்காசைக் கட்டிய மச்சாள்

கடன் கொடுத்தாலும் திருப்பிக் கேட்கிற வாய் எனக்கில்லை. தம்பி வெங்காயம் நடுவதற்கு என்னிடம் இரண்டு இலட்சம் வாங்கினான். அடைமழை விட்ட பாடில்லை. வெங்காயம் தோட்டத்தறையிலேயே அழுகிப்போனது.

அதன்பிறகு அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. காசு போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை. அவனைத் தவிர எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

ஒரு மத்தியானம் அவன் மனைவி, என் மச்சாள், தனியே வந்தாள். பால் விற்று வீட்டைக் கொண்டுநடத்துகிறவள் அவள்தான்.

"மச்சாள், காசுக்கதை கதைக்கத்தான் வந்தனான். உங்கடை தம்பி உங்கடை கண்ணிலை படாமல் ஒழுங்கை ஒழுங்கையாச் சுத்திப் போய்ச் சயிக்கிள் ரயரும் தேஞ்சுபோச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "காசு இருக்கேக்கை தாரும். ஆர் உம்மைக் கேட்டது?" என்றேன்.

"உந்தச் சொல்லுத்தான் எங்களைக் கொல்லுது. இருக்கேக்கை எண்டால் விடியிற ஒவ்வொரு நாளும் குடுக்காத நாள்தானே. ஒரு கணக்குச் சொல்லுங்கோ."

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன். அவளே கேட்டாள். "மாதம் எவ்வளவு சீட்டுக் கட்டுறியள்?"

"பத்தாயிரம். மகன் அனுப்புற காசிலை."

"அதை இனி நான் கட்டுறன். மகன்ரை காசு உங்கடை கையிலை நிக்கட்டும். கார்த்திகை, மார்கழி நடுகைச் செலவு இருக்கு. அந்த ரண்டு மாதமும் நீங்கள் கட்டுங்கோ. கடன் முடியுமட்டும் மற்ற மாதமெல்லாம் என்ரை பொறுப்பு. பிந்துமெண்டால் முன்னமே வந்து சொல்லுவன்."

எனக்கு அவள் புத்தி அப்போதுதான் விளங்கியது. சீட்டு என்றால் அவள் நாள் தவறமுடியாது, நானும் அவளிடம் கை நீட்டவேண்டாம்.

"வட்டி?" என்றாள்.

"வட்டியெண்டால் இந்தப் படலையைத் திறக்காதையும்!" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"ஓம், ஓம். சீட்டுக்கார அக்காவுக்குக் கடன் விசயம் தெரியவேண்டாம். மச்சாளுக்கு நடக்க ஏலாது, அதுதான் கொண்டுவந்தனான் எண்டு சொல்லுவன்."

"என்ரை கால் நல்லாத்தானே இருக்கு?"

"அக்காவின்ரை வாசலாலை போகேக்கை கொஞ்சம் நொண்டுங்கோ."

எத்தனையோ குடும்பங்களில் படித்தவர்களே காசுக்கதையைப் பேசத் தெரியாமல் சொந்தக்காரரின் செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டதைக் கண்டிருக்கிறேன். அவளோ ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டாள். தம்பியின் மானமும் போகவில்லை, என் காசும் போகவில்லை.

முதல் மாதச் சீட்டுக் கட்டிய அடுத்த நாள் வாசலில் சயிக்கிள் மணி கேட்டது. தம்பி உள்ளே வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். நான் கொடுத்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தான்.

"என்னக்கா, சீனி விலையேறிப் போச்சோ?" என்றான்.

நான் நிறையச் சீனி போட்டுக் கொண்டுவந்தேன்.