பழசோட சேர்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணியானால் என் செல்போன் கத்தும். அந்த போனுக்குத் தமிழ் தெரியாது, அதனால் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தேன்: ‘பழசோட சேர்’. வாராவாரம் திரும்ப வரும்படி அந்த நினைவூட்டலைப் போட்டவள் நானேதான். ஆனாலும் அது கத்தும்போதெல்லாம் யாரோ அதட்டுவதுபோல எனக்குக் கோபம் வரும்.

இரண்டாயிரத்து எட்டில் நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. மாதம் இரண்டு தடவை கிள்ளைக்குப் போய், உப்பங்கழியில் படகு பிடித்து, ஐந்து இடங்களில் தண்ணீர் எடுப்பேன். எந்த உப்பளவில் இறால் குஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் தலைப்பு. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வாரம் முழுக்க ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துக் கணவரிடம் வந்து சேருவேன்.

என் குறிப்பேடு ஒரு பென் டிரைவில் இருந்தது. ஒரே ஒரு கோப்பு, பிரவுசரில் திறக்கும். பார்த்தது, படித்தது, படகில் காதில் விழுந்தது எல்லாவற்றையும் தனித்தனிக் குறிப்பாக எழுதுவேன். ஒரு குறிப்புக்குள் இன்னொன்றின் தலைப்பை இரட்டைச் சதுர அடைப்பில் போட்டால் அது இணைப்பாகிவிடும், தட்டினால் அங்கே போகலாம். பழைய குறிப்பைத் திறந்தால், பின்னால் வந்த எந்தெந்தக் குறிப்புகள் அதைச் சுட்டுகின்றன என்ற பட்டியலும் கிடைக்கும். எழுதுவது சுலபம். இந்த வாரம் எழுதியது போன வருஷம் எழுதியதைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கிடக்கும், அதுதான் தொல்லை. அதற்காகத்தான் சனிக்கிழமை: அந்த வாரத்துக் குறிப்பு ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு பழைய குறிப்போடு சேர்க்க வேண்டும்.

முதல் சில மாதம் நான் செய்தது சுத்த ஏமாற்று வேலை. போன் வாயை அடைக்க வேண்டுமே என்று ‘உப்பு’ என்றொரு குறிப்பை உண்டாக்கி, கண்ணில் பட்டதையெல்லாம் அதில் கோத்தேன். ஒருநாள் ‘உப்பு’ குறிப்பைத் திறந்தால் நூற்றுக்கு மேல் இணைப்பு. கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிற கதைதான், எல்லாம் இருந்தது, வேண்டியது மட்டும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன்: ஏன் சேர்க்கிறேன் என்று ஒரு வரி எழுத முடியாவிட்டால் இணைப்பே கூடாது.

அந்த ஒரு வரிக்காகச் சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் போகும். நாத்தனார் குடும்பம் வந்திருந்தாலும் போகும்.

“வூட்டுக்கு ஆளு வந்திருக்காங்க, நீ பாட்டுக்குக் கம்ப்யூட்டர்ல உக்காந்தா என்னா நெனைப்பாங்க?” என்பார் கணவர்.

“நெனைக்கட்டும். டிபன் ரெடியா இருக்கு, காப்பி நீங்க போடுங்க.”

அவர் போட்டார். காப்பி சுமார்தான். நாத்தனார் அதைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை, ஆனால் அதற்காக எழுந்தும் போகவில்லை.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், கைடு, அவருக்கும் இது பிடிக்காது. “தீசிஸ் எழுதற நேரத்துல நோட்டுக்கு நோட்டு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கியாம்மா?” என்று ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் கேட்பார். சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில் அந்த எண் வந்தது. கோடையில் உப்பங்கழித் தண்ணீர் கரித்துக் கொட்டும். மற்ற நாலு இடத்திலும் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் இடத்தில் மட்டும், வாய்க்கால் வந்து விழுகிற அந்த மூலையில், உப்பளவு வழக்கத்தில் பாதிகூட இல்லை. இறால் குஞ்சும் அநேகமாக இல்லை.

கைடு வரைபடத்தைப் பார்த்தார். கோடு மேலே ஏறிக்கொண்டே போய் அந்த இடத்தில் பொத்தென்று விழுந்திருந்தது.

“இதத் தூக்கிடும்மா.”

“அதே கருவிதான் சார், மத்த நாலும் சரியாத்தானே வந்திருக்கு?”

“பாட்டில் மாறியிருக்கும். படகுல ஆடிக்கிட்டு லேபிள் ஒட்றீங்க. இத வச்சுக்கிட்டு எக்ஸாமினர் முன்னால நின்னா கிழிச்சிடுவாங்க. தூக்கிட்டா ஆகஸ்ட்ல சப்மிட் பண்ணிடலாம்.”

ஆகஸ்ட் என்ற சொல்லில் நான் விழுந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வருஷ பஸ் பயணம், ஹாஸ்டல் சாம்பார், எல்லாம் முடியப் போகிறது. அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதினேன். தலைப்பு: ‘மூன்றாம் இடம், ஏப்ரல், நீக்கம்’. உள்ளே: ‘பாட்டில் மாறிய பிழை.’

சனிக்கிழமை நாலு மணிக்கு போன் கத்தியது. அந்த வாரத்துக் குறிப்புகளில் இதுவும் ஒன்று. சட்டம் சட்டம்தான், இதையும் ஏதாவது பழைய குறிப்போடு சேர்த்து ஏன் என்று எழுதியாக வேண்டும். முன்பு எப்போதாவது பாட்டில் மாறியிருக்கிறதா என்று தேடினேன். இரண்டு வருஷத்தில் ஒருதடவைகூட இல்லை. சரி, ‘மூன்றாம் இடம்’ குறிப்பை எவையெல்லாம் சுட்டுகின்றன என்று பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே போனேன்.

கடைசிக்கு முந்தியது இரண்டாயிரத்து எட்டில் எழுதியது. கிள்ளையில் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் ஒரு அக்கா சொன்னது. அவர் பேச்சை அப்படியே எழுதி வைத்திருந்தேன்: “போன கோடையில மேல மதகு ஷட்டர் ரிப்பேருன்னு தேக்கி வச்ச தண்ணியத் தொறந்து வுட்டாங்கம்மா. பத்து நாளு இந்த மூலையில உப்பே இல்ல. எறா எல்லாம் ஓடிப்போச்சி, நாங்க வெறுங்கூடைய தூக்கிக்கினு போனோம்.”

இந்த ஏப்ரலிலும் அப்படித் திறந்துவிட்டிருந்தால்? அந்த எண்ணைத் தூக்கியிருந்தால் அப்படி ஒரு பத்து நாளையே தூக்கியிருப்பேன். அவர் வெறுங்கூடையோடு நடந்ததையும் சேர்த்துத்தான்.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போகாமல் நேரே கிள்ளைக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும், “இந்த வருஷமும் தொறந்தாங்களே, உனக்குத் தெரியாதா?” என்றார். அதற்குள் மேலே ஷட்டர் மூடியாகிவிட்டது. பாசன அலுவலகத்தில் மூன்று தடவை அலைந்து, திறந்த தேதியையும் மூடிய தேதியையும் பதிவேட்டிலிருந்து எழுதி வாங்கினேன். நான் தண்ணீர் எடுத்த நாள் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அக்கா சொன்னதையும் பதிவேட்டு நகலையும் கைடிடம் கொடுத்தேன். நகலை இரண்டு முறை படித்தார். “சரி, இதப் போட்டுக்கோ. அந்தப் பொம்பள சொன்னது வேணாம். கேள்விப்பட்டதெல்லாம் தீசிஸ்ல வராது.”

“அவுங்க சொல்லலேன்னா இந்தப் பதிவேட்டத் தேடி நான் போயே இருக்க மாட்டேன் சார். ரெண்டும் வரும்.”

“அப்போ அந்தச் சேப்டர் முழுக்கத் திருப்பி எழுதணும். ஆகஸ்ட் போயிடும்.”

“போவட்டும் சார்.”

அறைக்கு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில்தான். ஆனால் திரும்ப உள்ளே போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் போனது, அதற்கடுத்த ஆகஸ்டும் போனது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் பட்டம் வந்தபோது, மூன்றாம் இடம் என் வரைபடத்தில் பொத்தென்று விழுந்தபடியே இருந்தது. அடிக்குறிப்பில் முதலில் அக்கா, அப்புறம் பதிவேடு.

‘நீக்கம்’ குறிப்பை மட்டும் நான் நீக்கவில்லை. பாட்டில் மாறியது என்று எழுதியது என் கைதான், கைடின் கை இல்லை. அதிலிருந்து அக்காவின் குறிப்புக்கு ஒரு இணைப்பு போட்டிருக்கிறேன். ஏன் என்ற வரி இது: ‘இவர் சொன்னது நிஜம், நான் எழுதியது பொய்.’