பதினான்கு அவுன்ஸ் டின்பால்

வெள்ளைக்கார மானேஜர் சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு, மலாயாவில் மந்தின் ஊரைவிட்டு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து தங்கினார். என் புருஷன் அங்கே சமையல்காரர். நான் அவருக்குக் கையாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஸ்டோரில் மானேஜர் விட்டுப்போன டின்பால் ஆறு இருந்தது. அதைப் போட்டு நாங்கள் கிண்டிய தேங்காய் மிட்டாய் அதிகாரிக்குப் பிடித்துப்போனது. தினமும் தேநீரோடு நான்கு துண்டு கேட்பார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவர் நடந்து வந்தால் பூட்ஸ் சத்தம்கூடக் கேட்காது. திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்பார்.

ஆறாவது டின் தீர்ந்த அன்று வேறு டின் வாங்க வழியில்லை. டின் சாமான்களை ராணுவத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு இருந்த காலம். மந்தினில் ஒரு கடைக்காரர் சில டின்களைப் பதுக்கியதாகச் சொல்லி அவரை நாள் முழுக்க வெயிலில் மண்டியிட வைத்தார்கள். மறுநாள் அவர் கடையும் திறக்கவில்லை, அவரையும் யாரும் பார்க்கவில்லை.

"பசும்பால் போட்டுக் கிண்டிப் பாரேன்" என்றார் என் புருஷன்.

டின் அளவுக்கே பசும்பாலும் கொஞ்சம் சீனியும் சேர்த்துக் கிண்டினேன். மிட்டாய் இறுகவில்லை. தட்டில் கூழ் மாதிரி கிடந்தது. இன்னும் கிண்டினால் அடி பிடித்துக் கசந்தது. அதைக் குழி தோண்டிப் புதைத்தோம். சீனியை வீணாக்கியது தெரிந்தால் அதற்கும் உதை உண்டு.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் வழி காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். கொஞ்சம் ஜப்பான் பேச்சு கற்றுக்கொண்டு அதிகாரிக்கு மொழிபெயர்த்தவர். காலி டின்னின் காகிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நிறை பதினாலு அவுன்ஸ். ஒன்றரைப் பைண்ட் பாலைச் சீனியோட வத்தவைச்சது எண்டு போட்டிருக்கு. நீ வத்தவைக்காமல் ஊத்தினால் எப்பிடிப் பிள்ளை இறுகும்?"

ஒன்றரைப் பைண்ட் பாலை பங்களாத் தராசில் வைத்தோம். முப்பத்தொரு அவுன்ஸ். சீனி எவ்வளவு என்று காகிதத்தில் இல்லை. என் புருஷன் நாலு அவுன்ஸ் போட்டுப் பார்த்தார், தித்திப்பு போதவில்லை. எட்டு போட்டார், திகட்டியது. ஆறில் நாக்கு ஒப்புக்கொண்டது. ஆக முப்பத்தேழு அவுன்ஸ். அது பதினான்காகும் வரை சிறு தீயில், அகலச் சட்டியில், கையெடுக்காமல் கிண்ட வேண்டும். அதைத் தேங்காய்ப்பூவில் ஊற்றிக் கிண்டியபோது மிட்டாய் பழையபடியே வில்லை வில்லையாக வந்தது.

அதுதான் வினையாகிவிட்டது.

அதிகாரி ஒரு துண்டைக் கடித்தார். மென்றுகொண்டே அடுக்களைக்கு வந்து ஸ்டோரைத் திறந்தார். காலி டின்களை எண்ணினார். பிறகு கிராணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கிராணிக்கு முகம் வெளுத்திருந்தது. "ஆறு டின்தான் கணக்கில. ஏழாவது எங்க எண்டு கேக்கிறார். உண்மையைச் சொல்லு பிள்ளை, ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?"

நான் சொன்னேன்: "டின்னே இல்லைங்கய்யா. பசும்பாலும் சீனியும்தான். துரை முன்னாடியே நிறுத்துச் செஞ்சு காட்டுறேன்."

அதிகாரி நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் சட்டியை மட்டும் நிறுத்தேன். இரண்டு பவுண்டு நாலு அவுன்ஸ். பாலும் சீனியும் சேர்ந்ததும் நாலு பவுண்டு ஒன்பது. பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ்; பால் பதினான்காக வேண்டுமானால் சட்டியோடு மூன்று பவுண்டு இரண்டுக்கு இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிண்டினேன். நடுவில் மூன்று தடவை சட்டியை இறக்கித் தராசில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து முள்ளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கடைசியில் முள் சரியான இடத்தில் நின்றது. பால் மஞ்சள் பாரித்து, கரண்டியிலிருந்து நாடா மாதிரி விழுந்தது. அவர் விரலால் தொட்டு நக்கினார்.

அப்போது சிரித்தார். நான் அதற்கு முன் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த எண்களை எல்லாம் எழுதிக்கொண்டார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் கிராணி உத்தரவை வாசித்தார். நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் இருந்த மூன்று பசுக்களின் பாலும் இனி காலையில் பங்களாவுக்கு வந்துவிட வேண்டும்.

அந்த மூன்றில் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவளுக்கு மார்பில் பால் வற்றிப்போயிருந்தது. பத்து மாதக் குழந்தை அந்தப் பசும்பாலை நம்பித்தான் இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ கிண்டிக் காட்டாம இருந்திருந்தா உன் புருஷன் போயிருப்பாரு. எனக்குப் புரியுதுலா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து, பதினான்கு அவுன்ஸில் பால் நாடாவாக விழவில்லை. தண்ணீராக ஓடியது. அளவு மாறவில்லை, தீ மாறவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று உடனே புரிந்தது. மூன்று செம்பில் அக்காவுடையதுதான் நீர்த்திருந்தது. அக்கா கொஞ்சம் பாலைக் குழந்தைக்கு எடுத்துக்கொண்டு அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்கும் வழியை அதிகாரியின் நோட்டில் எழுதவைத்ததே நான்தான்.

என் புருஷனிடம் சொன்னேன். அவர் அலமாரியில் டப்பாக்களை நகர்த்திப் பார்த்தார். பிறகு, "மரவள்ளி மாவு இருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து பாலைப் பதின்மூன்று அவுன்ஸுக்கு இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் கரைத்த மரவள்ளி மாவை ஒரு அவுன்ஸ் சேர்த்துக் கொதிக்கவிட்டோம். கெட்டியானது. தராசில் பதினான்கு நின்றது. மிட்டாயும் இறுகியது, ஆனால் பல்லில் சற்று ஒட்டியது.

பத்து நாள் அப்படி ஓடியது. ஒரு காலையில் திரும்பினேன், அதிகாரி வாசலில் நின்றார். சட்டியில் விரலை விட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார், என் புருஷனைப் பார்த்தார், அலமாரியில் இருந்த மாவு டப்பாவைப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றோம். விரலைத் துணியில் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கும் நான்கு துண்டு தின்றார்.

அந்த வாரமே சயாமில் ஜப்பான்காரர் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் வந்தது. எல்லாம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிற ஆண்கள். நடுவில் என் புருஷன் பெயர். பங்களாச் சமையல்காரரை எந்தத் தோட்டத்திலும் எடுத்ததில்லை. கிராணியிடம் ஓடினேன்.

"நான் எழுதேல்லைப் பிள்ளை" என்றார். "பட்டியல் துரையிட்டயிருந்து வரேக்கையே அந்தப் பேர் கிடந்தது." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

லோரியில் ஏறும்போது என் புருஷன் சொன்னது இவ்வளவுதான்: "மாவை நிறுத்தாதே. நிறுத்தினா பால்ல தண்ணின்னு தெரிஞ்சிரும்."

நிறுத்தவில்லை. நான் தனியாகக் கிண்டினேன். அதிகாரி தினமும் தின்றார், ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. சில மாதத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெட்டிகளோடு அந்த நோட்டும் போயிற்று.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் எங்கள் லயத்துக்கு ஐந்து பேர். அவர்களில் என் புருஷன் இல்லை. மாவுக்காகத்தான் அதிகாரி அவர் பெயரை எழுதினாரா, இல்லை பட்டியலுக்கு வெறுமனே ஒரு ஆள் குறைந்ததா, எனக்குத் தெரியாது. அக்காவின் மகள் பிழைத்து வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டு நீலாய்க்குப் போனாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. அக்கா சொல்ல வேண்டாம் என்றாள். நானும் சொல்லவில்லை.