பழைய பக்கத்தில் புது வளையம்

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது அவளுடைய பழக்கம். தண்ணீர் பாட்டில், டார்ச், செருப்பு, எதுவானாலும் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்தாக வேண்டும். ஒருமுறை சித்தி வீட்டில் டீ குடித்த கையோடு கோப்பையைத் தலைகீழாகத் தூக்க, மிச்சமிருந்த இரண்டு சொட்டு புது மேஜை விரிப்பில் விழுந்தது.

"அங்க என்னடி, உன் சம்பளமா எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

"இருநூறு மில்லின்னு போட்டிருக்கும்மா. ஆனா நூற்று எண்பதுதான் பிடிக்கும்."

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல ரப்பர் விக்கிறா" என்பாள். மூன்று வருடம் படித்தது ரப்பர் வளையத்தின் விட்டத்தைத் தட்டச்சு செய்யவா என்ற கேள்வி அவளுக்கும் உண்டு. பேருந்தில் வரும்போது எழும், மாடிப்படி ஏறியதும் அடங்கிவிடும்.

சமையலறைச் சாமான்களின் உதிரி பாகங்களை ஒரு பெரிய விற்பனைத் தளத்தின் வழியே இணையத்தில் விற்கும் கடை அது. கீழே குடோன், மேலே ஆறு மேஜை. குக்கர் வளையம், விசில், மிக்ஸி ஜாரின் பிளேடு, கைப்பிடித் திருகு என நாலாயிரத்துச் சொச்சம் பொருள். ஒவ்வொன்றுக்கும் தளத்தில் தனிப் பக்கம், தனி விலை, தனி அளவு. அத்தனையும் அவள் பொறுப்பு. அவள் சேர்ந்தபோது ஒரே வால்வு ஐந்து பெயரில் ஐந்து பக்கங்களில் கிடந்தது. அளவு சில இடத்தில் சென்டிமீட்டர், சில இடத்தில் அங்குலம், சில இடத்தில் வெறும் எண். ஆறு வருடம் உட்கார்ந்து களை பறித்ததுபோல் ஒவ்வொரு வரியாகச் சுத்தம் செய்தாள். சந்தேகம் வந்தால் கீழே இறங்கிப்போய்ப் பெட்டியைப் பிரித்து அளப்பாள். அதனால் குடோனில் பெட்டி கட்டும் பேக்கிங் அக்கா அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேலு.

அன்று காலை முதலாளி ஒரு கறுப்பு வளையத்தை அவள் மேஜைமேல் போட்டார்.

"ஐந்து லிட்டர் குக்கருக்கு. மூவாயிரம் பீஸ் எடுத்திருக்கேன். பாதி விலை."

அவள் கவிழ்த்துப் பார்த்தாள். எதுவும் அச்சிடப்படவில்லை.

"சரி சார். புதுப் பக்கம் போட்டுடறேன்."

"புதுப் பக்கத்த எவன் பார்ப்பான்? ஒரு நட்சத்திரம்கூட இல்லாம நடுத்தெருவுல நிக்கும். நம்ம பழைய சிலிக்கான் வளையம் ஸ்டாக் தீர்ந்துபோச்சில்ல? அந்தப் பக்கத்துல போட்டோவ மாத்து, பொருள் விவரத்த மாத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் எழுதின விமர்சனம் அப்படியே இருக்கும். ரெண்டுமே நம்ம கடை பேர்ல போறதுதான, தளம் தடுக்காது."

"அவங்க எழுதினது வேற பொருளப் பத்தி சார்."

"வளையம்னா வளையம்தானம்மா!"

"'ரெண்டு வருஷமா உழைக்குது'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இது நேத்துதான வந்துச்சு?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். முதலாளியின் காது சிவந்தது.

"வெள்ளிக்கிழமை தள்ளுபடி விற்பனை ஆரம்பிக்குது. அதுக்குள்ள மாத்தணும். முடியாதுன்னா சொல்லு, பாஸ்வேர்ட வாங்கி வேற ஆள்கிட்ட குடுத்துடறேன். நீ கீழ போய் டேப் ஒட்டு."

அவர் சொன்னால் செய்கிறவர். அந்த நாலாயிரம் வரிகளை வேறொருவர் கையில் கொடுத்தால் ஒரே மாதத்தில் பழைய குப்பைமேடு திரும்பிவிடும். ஒரே ஒரு பக்கம்தானே, மாற்றிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாமா? யோசித்தபடியே குடோனுக்கு இறங்கினாள்.

"மேல இடி சத்தம் கேட்டுச்சே?" என்றாள் பேக்கிங் அக்கா.

"மழை பெய்யலக்கா. ஒரு குக்கர் மூடி குடுங்க."

ஒரே பெட்டியில் எடுத்தால் ஏமாந்துபோவோம் என்று அவளுக்குத் தெரியும். பத்துப் பெட்டியில் இரண்டிரண்டாக இருபது வளையம் எடுத்தாள். ஒவ்வொன்றையும் தட்டையாக வைத்து அளந்தாள், மூடியில் மாட்டிப் பார்த்தாள். பதினேழு சரியாக உட்கார்ந்தன. மிச்ச மூன்றும் நாலு மில்லிமீட்டர் சின்னவை, ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் எகிறியது.

மேலே வந்து புதுப் பக்கத்தை எழுதினாள். கறுப்பு ரப்பர், சிலிக்கான் இல்லை. உள் விட்டம் இவ்வளவு. இந்த மூன்று குக்கருக்குப் பொருந்தும், இந்த இரண்டுக்குப் பொருந்தாது. பொருந்தாததையும் எழுதினால்தான் திருப்பி அனுப்புவது பாதியாகக் குறையும். பிறகு விலை. வாங்கிய விலை, தளத்தின் கமிஷன், அனுப்பும் கூலி, திரும்பி வருவதற்கென்று கொஞ்சம். அரைக் கிலோ வரை கூலி ஒன்றுதான். வளையம் அறுபது கிராம். ஒன்றை அனுப்பினாலும் இரண்டை அனுப்பினாலும் அதே கூலி. ஒற்றையாக விற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு சேர்ந்த ஜோடியாக விற்றால், பழைய சிலிக்கான் ஒன்றின் விலையைவிடக் குறைத்தும் லாபம் நிற்கும். ஜோடி என்பதைத் தலைப்பிலும் படத்திலும் தெரியும்படி போட்டாள்.

அதை முதலாளியின் முன்னால் வைத்தாள். அவர் கணக்கை மட்டும் இரண்டுமுறை பார்த்தார்.

"இது இருக்கட்டும். நான் சொன்னது என்னாச்சு?"

"செய்ய மாட்டேன் சார்."

"என்னது?"

"நீங்க கண்டிப்பா வேணும்னா ஒரு மெயில் போடுங்க. 'பழைய பக்கத்துல வேற பொருள ஏத்து, பழைய விமர்சனத்த அப்படியே வை'ன்னு, உங்க பேர் போட்டு. அந்த மெயிலோட பாஸ்வேர்டையும் யார்கிட்ட குடுக்கணுமோ குடுத்துடறேன். அப்புறம் டேப் ஒட்டப் போறேன்."

அறை முழுக்கக் கீபோர்டு ஓசை நின்றது. அவள் குரல் ஆடவில்லை.

"படிச்ச திமிரு," என்றார் அவர்.

"இருக்கலாம் சார். வீட்ல வேற யாருக்கும் இல்ல, எனக்காவது இருக்கட்டும்."

மெயில் வரவில்லை. வியாழன் போனது, வெள்ளியும் போனது. வாயால் சொல்வது சுலபம், பெயர் போட்டு எழுத அவருக்குக் கை வரவில்லை. பழைய பக்கம் 'கையிருப்பு இல்லை' என்று அப்படியே நின்றது. புதுப் பக்கத்தில் நாளுக்கு ஆறு ஜோடி, எட்டு ஜோடி என்று போனது. ஒவ்வொன்றையும் மூடியில் மாட்டிப் பார்த்துவிட்டே பேக்கிங் அக்கா பெட்டி கட்டினாள். முதலாளி பாராட்டவில்லை. அவள் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, திரும்பி வந்த பொருள் அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். பாஸ்வேர்டைக் கேட்கவில்லை.

"ஒரு ரப்பருக்கு இவ்வளவு வீம்பா ஸ்கேலு?" மேஜையை இழுக்க உதவிய பேக்கிங் அக்கா மூச்சு வாங்கக் கேட்டாள்.

அவள் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து, கீழே வெகுதூரம் நகர்த்தி, ஒரு பெண் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதிய குறிப்பைக் காட்டினாள். 'என் குக்கருக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தீர்கள். மூடி சரியாக மூடவில்லை. ஆவி பட்டு வலது கை வெந்துவிட்டது.'

"தயாரிச்சவன் தப்புன்னு மேல சொன்னாங்களே, அதுவா?"

"என் தப்புக்கா. வேலைக்குச் சேர்ந்த புதுசு. 0512-ன்னு ஒரு மாடல், 512-ன்னு ஒரு மாடல். பட்டியல அப்படியே கம்ப்யூட்டர் ஷீட்ல திறந்தேன், முன்னாடி இருந்த பூஜ்யத்த அது தின்னுடுச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒரு வரிய அழிச்சுட்டேன், ஒண்ணோட வளையம் மத்ததுக்கும் பொருந்தும்னு ஆயிடுச்சு. அடுத்த வாரமே கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன். ஆனா தயாரிச்சவன் தப்புன்னு நம்ம ஆபீஸ்லேர்ந்து பதில் போட்டப்போ நான் வாயத் திறக்கல."

"காசு திருப்பிக் குடுத்தாச்சில்ல?"

"காசு குடுத்தாச்சு."

பாஸ்வேர்டு புது ஆளிடம் போயிருந்தால் இந்தக் குறிப்பும் அந்தக் கறுப்பு வளையத்தின்கீழ் போய்ச் சேர்ந்திருக்கும், எதைப் பற்றிய புகார் என்றே தெரியாமல். அக்கா கீழே போன பிறகு, குறிப்பின் அடியில் இருந்த பதில் பெட்டியைத் திறந்தாள். 'அம்மா, அது தயாரித்தவரின் தவறு அல்ல' என்று தட்டினாள். அடுத்த வரி 'என்' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றது. முதலாளியிடம் ஆடாத குரல் இங்கே விரலுக்கு வரவில்லை. அழித்தாள்.

அந்தப் பெண்ணுக்கு அவள் சொல்ல வேண்டியது இன்றுவரை சொல்லப்படவில்லை.