பத்து மணி என்று போன செய்தி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துத் தாமோதருக்கு, தன்னை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி செய்யும் கம்பெனியொன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவன்தான், பில் வராவிட்டாலும் அவன்தான். சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போது போன் அடித்தால் சலித்துக்கொள்வான். அடிக்காத நாளில் முகம் வாடிப்போகும். இதை அவன் மனைவி வஞ்சுளவல்லி சொல்லிக் காட்டுவாள். அவன் ஒப்புக்கொண்டதில்லை.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சிறிய டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. அதற்காகச் சம்பளம் வாங்காமல் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். மறுநாள் முறை உள்ளவர்களுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத் தானாகவே செய்தி போகும். ‘நாளை காலை பத்து மணிக்கு வரவும்.’ பிற்பகல் ஆட்களுக்கு மூன்று மணி. இந்த நேரமும் வாசகமும் புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. ஒரு மணி நேரம் தள்ளிப் போட வேண்டுமென்றாலும் தாமோதர் லேப்டாப்பைத் திறந்து, உரிய வரியைத் தேடித் திருத்தி, மறுபடி ஓட விட வேண்டும்.

சென்டரின் வரவேற்பில் இருந்த ஜெயசித்ரா இதை மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

“அண்ணே, இந்த நேரத்தையும் வாசகத்தையும் மட்டும் தனியா ஒரு ஃபைல்ல போட்டுத் தாங்களேன். நானே மாத்திக்கிடுவேன். சும்மா சும்மா ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்ல.”

“வேண்டாம்மா. ஒரு புள்ளி மாறினாலும் அம்புட்டும் நின்னுரும். எனக்கு ஒரு போன் போடு, போதும்.”

நேரங்களைத் தனியே பிரித்து வைப்பது அரை நாள் வேலை என்பது அவனுக்குத் தெரியும். பிரித்துவிட்டால் அவள் கூப்பிட மாட்டாள் என்பதும் தெரியும்.

அந்த வருடம் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று காலை எட்டு மணிக்கே தெருக்களை அடைப்பதாகப் போலீஸ் சொல்லிவிட்டது. அதனால் பத்து மணி ஆட்களை அதிகாலை நாலு மணிக்கே வரச் சொல்லி, எட்டு மணிக்குள் முடித்துச் சென்டரைப் பூட்டுவதென்று முடிவாயிற்று. அன்று பிற்பகலில் யாருக்கும் முறை இல்லை. முந்தின வாரமே எல்லாரிடமும் நர்ஸ் வாயாலேயே சொல்லியும் விட்டாள். முந்தின நாள் மதியம் ஜெயசித்ரா போன் செய்தாள்.

“அண்ணே, பத்த நாலா மாத்தணும். ஆறு மணிக்குள்ள மாத்திருங்க.”

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருதேன்.”

முடிக்கவில்லை. தேருக்காக வீட்டுக்கு வந்திருந்த உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டான். ஆறே காலுக்கு அவளிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்து கிடப்பதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்து அவளைக் கூப்பிட்டான். செய்தி போய்விட்டது.

“அண்ணே, பத்து மணின்னுல்லா போயிருக்கு! ரெண்டு பேரு கேட்டுட்டாங்க.”

அந்த நிமிடம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

“மாத்தத்தான் செஞ்சேன். சர்வர்ல ஏதோ கோளாறு. நீ எல்லாருக்கும் ஒரு போன் அடிச்சிரேன்” என்றான்.

அவள் ஏழு பேருக்கும் போன் செய்தாள். ஆறு பேர் எடுத்தார்கள். செட்டியார்பட்டி சுடலைமாடத்தியம்மாளின் மகன் மாரீஸ்வரன் எடுக்கவில்லை. நூல் மில்லில் ஷிஃப்ட் நேரத்தில் போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். வேலை முடிந்து வந்தவன் செய்தியையும் பார்த்தான், தவறிய அழைப்பையும் பார்த்தான். அழைத்ததும் இதைச் சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டான். நர்ஸ் நாலு என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் எழுத்தில், அதுவும் கடைசியாக வந்தது பத்து.

மறுநாள் பத்து மணிக்குத் தடுப்புக் கம்பிகளுக்கு இந்தப்பக்கமே ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்குள் அம்மாவைத் தாங்கித் தாங்கி நடத்திக்கொண்டு போனான் மாரீஸ்வரன். சென்டர் பூட்டிக் கிடந்தது. வந்த வழியே திரும்பினார்கள். அதற்கு முந்தின முறையையும் அம்மாள் காய்ச்சலால் தவறவிட்டிருந்தாள். உடம்பில் சேர்ந்த நீர் சாயங்காலம் மூச்சை அடைத்தது. ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

தாமோதருக்கு விஷயம் மறுநாள் காலை சென்டரில்தான் தெரிந்தது. டாக்டர் ஜெயசித்ராவை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவை எடுக்கலைன்னா மறுபடி அடிக்கணும்னு தோணலையா உனக்கு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதான் சார்” என்றாள். சர்வர் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. தாமோதரைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான் தாமோதர். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான்.  டாக்டர் அவனைப் பார்த்து, “வாங்க தாமோதர், உங்க சிஸ்டம் சரியாத்தானே இருக்கு?” என்றபோது, “ம்” என்று தலையாட்டிவிட்டான். அந்தத் தலையாட்டலை அவனால் இரண்டு நாள் விழுங்க முடியவில்லை. கம்பெனியில் யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டான். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் போனான்.

“சர்வர்ல கோளாறு எதுவும் இல்ல சார். நான் மாத்த மறந்துட்டேன். மறந்ததை மறைச்சேன். ஜெயசித்ரா மேல ஒரு தப்பும் கிடையாது. நேரத்தை அவளே மாத்துற மாதிரி வச்சுக் கொடுங்கன்னு எத்தனையோ தடவை கேட்டா. நான்தான் விடலை.”

 டாக்டர், “மதுரைக்குப் போய் அவங்ககிட்டச் சொல்லுங்க” என்றார்.

போனான். சுடலைமாடத்தியம்மாள் மூக்கில் குழாயோடு கண்ணயர்ந்திருந்தாள். வராந்தாவில் வைத்து மாரீஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

மாரீஸ்வரன் சத்தம் போடவில்லை. “நர்ஸம்மா நாலுன்னு சொன்னாவ. நான்தான் மெசேஜ நம்பி எங்கம்மாவக் கொன்னுருப்பேன்னு மூணு நாளா என்னைய நானே அடிச்சுக்கிட்டுக் கிடக்கேன் சார். இத அன்னைக்கே வந்து சொல்லிருக்கலாம்ல?” என்றான்.

 தன் பொய் இன்னொருவனையும் மூன்று நாள் வதைத்திருக்கிறது என்பதைத் தாமோதர் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் உட்கார்ந்து வேலையை முடித்தான். நேரங்களும் வாசகங்களும் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றுக்குப் போயின. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்றே வரி: அனுப்பும் நேரம், வரும் நேரம், செய்தி. செய்திக்குள் [வரும் நேரம்] என்று அடைப்புக்குறி போட்ட இடத்தில் புரோகிராமே நேரத்தை நிரப்பிக்கொள்ளும்; ஒரே நேரத்தை இரண்டு இடத்தில் திருத்த வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பைப் புதிதாகப் படிப்பதால் எதையும் நிறுத்தி ஓட விடவும் வேண்டாம். தப்பாக எழுதியிருந்தால் கடைசியாகச் சரியாக இருந்ததையே வைத்துக்கொண்டு, எந்த வரியில் பிழை என்று திரையில் காட்டும். சரியாக இருந்தால் மாதிரிச் செய்தி ஒன்று ஜெயசித்ராவின் போனுக்குப் போகும்.

அவளை உட்கார வைத்தான். அவள் காலை நேரத்தை 9.30 என்று அடித்துச் சேமித்தாள். ‘இரண்டாவது வரி: நேரம் 09:30 என்று இருக்க வேண்டும்’ என்று சிவப்பில் வந்தது. திருத்தினாள். சற்று நேரத்தில் அவள் போன் சிணுங்கியது. ‘நாளை 09:30 மணிக்கு வரவும்.’

“இம்புட்டுத்தானா அண்ணே?” என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவனுக்கு அதுதான் வலித்தது.

“இம்புட்டுத்தான்மா” என்றான்.

சுடலைமாடத்தியம்மாள் பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினாள். இப்போது வாரம் மூன்று முறை வருகிறாள். முன்பு தானே நடந்து படியேறுவாள், இப்போது சக்கர நாற்காலி. தாமோதர் சென்டருக்குப் போகும் நாட்களில் மாரீஸ்வரன் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்கிறான். அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று தாமோதர் வஞ்சுளவல்லியிடம் சொன்னான். “அது சரிதான்” என்றாள் அவள்.